நீளமான வரியே அளவு சொல்லும்

கல்யாணச் சீர்ப் பாத்திரங்களில் பெயர் வெட்டுபவரைப் பார்த்திருப்பீர்கள். கையில் பேனா பிடிப்பதுபோல் சிறு மின்கருவியைப் பிடித்துக்கொண்டு, அண்டாவின் விளிம்பை ஒட்டி எழுதிக்கொண்டே போவார். பெயர் நீளமாக இருந்தால் விளிம்பில் இன்னும் கொஞ்ச தூரம் போகும், அவ்வளவுதான். சோழர் காலச் செப்பேட்டுக்கும் இந்த வசதி இருந்தது. ஓர் ஏட்டில் செய்தி அடங்காவிட்டால் வளையத்தில் இன்னோர் ஏட்டைக் கோத்துக்கொள்வார்கள். திருவாலங்காட்டுச் செப்பேடுகள் அப்படித்தான் 31 ஏடுகள் வரை வளர்ந்தன.

பரிசுக் கேடயத்தின் அடிப்பலகையில் பதிக்கும் பித்தளைத் தகட்டுக்கு அந்த வசதி இல்லை. பலகையில் தகட்டுக்கான இடம் முன்பே முடிவாகிவிடுகிறது. தகடு 75 மில்லிமீட்டர் அகலமும் 25 மில்லிமீட்டர் உயரமும் என்றால், சொல்ல வேண்டிய எல்லாம் அதற்குள்தான் அடங்க வேண்டும். போட்டியின் பெயர், பரிசு, ஆண்டு, கொடுத்தவர் பெயர் என நான்கு செய்திகளாவது இருக்கும். ஒவ்வொரு வரியும் தகட்டின் நடுவில் நிற்க வேண்டும் என்பது வழக்கம். இந்தச் சிறிய செவ்வகத்தில் எழுத்தின் அளவை யார் தீர்மானிக்கிறார்கள் என்பதே இந்த அத்தியாயத்தின் கேள்வி. வாடிக்கையாளரும் இல்லை, கடைக்காரரும் இல்லை. வரிகளில் எது மிக நீளமானதோ அது தீர்மானிக்கிறது. அதோடு, எத்தனை வரிகள் என்பதும் சேர்ந்து தீர்மானிக்கிறது. இதைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம்.

கணக்குப் போட ஓர் அளவுகோல் வேண்டும். தமிழில் அதற்கு 'ப' மிகப் பொருத்தமான எழுத்து. மேலே கொம்பில்லை, கீழே வாலில்லை. இரண்டு நிமிர்ந்த கோடும் ஒரு தரைக்கோடும் மட்டுமே. அதன் உயரத்தை ஒரு 'ப-உயரம்' என்று வைத்துக்கொள்வோம். மற்ற எழுத்துகளின் அகலத்தை இந்த அளவால் சொல்லிவிடலாம். சாதாரணமாகப் புழங்கும் எழுத்துருக்களில் 'ப' ஏறக்குறைய தன் உயரமே அகலமாக இருக்கும். 'ர' அதைவிடச் சற்று ஒடுக்கம். 'ண' இரண்டு மடங்கு அகலம். 'மா', 'லா' போன்றவையும் துணைக்காலோடு சேர்த்து இரண்டு மடங்கைத் தொடும். எழுத்துருவுக்கு எழுத்துரு இது மாறும். ஆகவே நான் கீழே தரும் எண்களைத் தோராயமாகக் கொள்ள வேண்டும். உங்கள் எழுத்துருவில் ஒரு வரியைத் தட்டச்சு செய்து, அதன் நீளத்தை 'ப'வின் உயரத்தால் வகுத்தால் சரியான எண் கிடைத்துவிடும்.

ஒரு பள்ளியிலிருந்து இப்படி ஓர் எழுத்து வருவதாக வைத்துக்கொள்வோம்:

மாவட்ட அளவிலான கபடிப் போட்டி
முதல் பரிசு
2024 – 2025
அன்பளிப்பு: பழைய மாணவர் சங்கம்

முதல் வரியின் நீளம் சுமார் 26 ப-உயரம். இரண்டாவதும் மூன்றாவதும் தலா 8. கடைசி வரி 27. இதுதான் இருப்பதில் நீளமானது.

தகட்டின் விளிம்புகள் சரிவாகச் செதுக்கப்பட்டிருக்கும்; அந்தச் சரிவில் எழுத்து ஏறக் கூடாது. எனவே இடம் வலம் இரு பக்கமும் 4 மில்லிமீட்டர் விடுவோம். மிஞ்சுவது 67 மில்லிமீட்டர். அதை 27ஆல் வகுத்தால் ஒரு ப-உயரம் 2.5 மில்லிமீட்டர் வரை போகலாம். இது அகலம் தரும் அனுமதி.

உயரம் வேறு கதை சொல்கிறது. ஆங்கிலப் பெரிய எழுத்துகள் இரண்டு கோடுகளுக்கு நடுவே அடங்கிவிடும். தமிழ் அப்படி இல்லை. 'டி', 'ரி' ஆகியவற்றின் மேல்விலங்கும் மெய்யெழுத்துகளின் புள்ளியும் ப-உயரத்துக்கு மேலே எழும்பும். 'சு', 'பு' ஆகியவற்றின் வாலும், 'ர', 'ழ' ஆகியவற்றின் காலும் கீழே இறங்கும். மேலே 0.45, கீழே 0.45 என்று ஒதுக்கினால், ஒரு தமிழ் வரிக்கு உண்மையில் வேண்டிய உயரம் 1.9 ப-உயரம். வரிகள் ஒன்றையொன்று தொடாமலிருக்க நடுவில் இன்னொரு 0.3. நான்கு வரிகளுக்கு மொத்தம் 8.5 ப-உயரம். தகட்டில் மேலும் கீழும் 3 மில்லிமீட்டர் விட்டால் இருப்பது 19 மில்லிமீட்டர். வகுத்தால் 2.2 மில்லிமீட்டர்தான் வருகிறது.

அகலம் 2.5 தருகிறது, உயரம் 2.2 தருகிறது. இரண்டில் சிறியதே செல்லும். ஆக, இந்தத் தகட்டில் எல்லா எழுத்தும் 2.2 மில்லிமீட்டர். 'முதல் பரிசு' என்பதும் அதே அளவுதான், அன்பளிப்பு வரியும் அதே அளவுதான். தகட்டைப் பார்ப்பவர் கண் முதலில் எதில் போய் நிற்க வேண்டும் என்று தகடு சொல்லவே இல்லை. நம் ஊர்க் கேடயங்களில் பெரும்பாலானவை இப்படித்தான் இருக்கின்றன. பொடி எழுத்தில் நாலைந்து வரி. வென்றவர் வாங்கியது முதல் பரிசா மூன்றாம் பரிசா என்று தெரியத் தகட்டை மூக்கருகே கொண்டுபோக வேண்டியிருக்கிறது.

இங்கே பலர் செய்வது எழுத்தை நெருக்குவது. கணினியில் வரியைப் பிடித்து அகலவாக்கில் அமுக்கிவிடுவார்கள். உயரம்தான் தடை என்னும்போது அது ஒரு பயனும் தராது. எழுத்தின் உருவம் கெடுவதுதான் மிச்சம். அகலத்தில் அமுக்கினால் நிமிர்ந்த கோடுகள் மெலியும், படுத்த கோடுகள் அப்படியே தடித்து நிற்கும். 'ண'வின் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

சொல்லைத் தொட வேண்டும். 'மாவட்ட அளவிலான கபடிப் போட்டி' என்பதில் 'அளவிலான' என்ற சொல் என்ன கூடுதலாகச் சொல்கிறது? 'மாவட்டக் கபடிப் போட்டி' என்றாலே போதும். 26 ஆக இருந்த நீளம் 18 ஆகிறது. மிச்சமான இடத்தில் ஆண்டைக் கொண்டுவந்து சேர்க்கலாம். '2024–25' என்று சுருக்கி எழுதினால் முழு வரியும் 24 ப-உயரத்தில் முடிகிறது. ஒரு வரி குறைந்துவிட்டது. வரி குறைந்ததால் உயரம் கிடைத்துவிட்டது.

மாவட்டக் கபடிப் போட்டி 2024–25
முதல் பரிசு
அன்பளிப்பு: பழைய மாணவர் சங்கம்

இப்போது மூன்று வரிகளுக்கும் மூன்று அளவு கொடுக்க முடியும். முதல் வரிக்கு 2.5, நடு வரிக்கு 4, கடைசி வரிக்கு 2.2 மில்லிமீட்டர் என்று வைத்துப் பார்ப்போம். மூன்றையும் கூட்டினால் 8.7, அதை 1.9ஆல் பெருக்கினால் 16.5 மில்லிமீட்டர். இரண்டு இடைவெளிகளுக்குத் தலா 1.2 மில்லிமீட்டர் கொடுத்தால் மொத்தம் 18.9. நம்மிடம் இருப்பது 19. அகலத்தையும் சரிபார்க்கலாம். முதல் வரி 60 மில்லிமீட்டர், நடு வரி 32, கடைசி வரி 59 சொச்சம். எல்லாம் 67க்குள் அடங்குகின்றன.

ஒரு சொல்லை எடுத்ததாலும் ஓர் ஆண்டைச் சுருக்கியதாலும் 'முதல் பரிசு' 2.2 மில்லிமீட்டரிலிருந்து 4 மில்லிமீட்டருக்கு வளர்ந்துவிட்டது. தகட்டின் அளவில் எந்த மாற்றமும் இல்லை. கொடுத்தவர் பெயரும் பழைய அளவிலேயே இருக்கிறது. அவருக்கு ஒரு குறையும் இல்லை.

அந்த 4 மில்லிமீட்டர் எதற்கு உதவும் என்பதைக் கண்ணின் அறிவியல் சொல்கிறது. டச்சுக் கண் மருத்துவர் ஹெர்மன் ஸ்னெல்லன் 1862இல் வெளியிட்ட பார்வை அட்டையின் அடிப்படை எளிமையானது. நல்ல பார்வை உள்ளவர் ஓர் எழுத்தை அடையாளம் காண, அது கண்ணில் 5 கலை அளவு கோணத்தையாவது பிடிக்க வேண்டும். ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு ஒரு கலை. கண்ணாடி அலமாரிக்கு முன் ஒன்றரை மீட்டர் தள்ளி நிற்கும் ஒருவருக்கு 2.2 மில்லிமீட்டர் எழுத்து சரியாக 5 கலை பிடிக்கும். அதாவது பார்வையின் விளிம்பில், தெரிந்தும் தெரியாமலும் நிற்கும். 4 மில்லிமீட்டர் எழுத்து 9 கலையைத் தாண்டும். ஆகவே அலமாரிக்கு வெளியே நிற்பவருக்கு 'முதல் பரிசு' படிக்க வரும். கேடயத்தைக் கையில் எடுத்து 60 சென்டிமீட்டரில் பிடிப்பவருக்கு எல்லா வரியும் வசதியாகப் படிக்க வரும். ஸ்னெல்லன் கணக்கு ஐந்து கோட்டு அகலத்தில் அடங்கும் ஐரோப்பிய எழுத்துகளுக்கானது. ஞ, ண, ழை போன்ற நம் எழுத்துகளில் கோடுகளும் சுழிகளும் கூடுதல் என்பதால், நாம் அந்தக் கீழ் எல்லையை ஒட்டி நிற்காமல் கொஞ்சம் தாராளமாகவே இருக்க வேண்டும். தமிழ் வரிக்கு 2 மில்லிமீட்டருக்குக் கீழே ப-உயரம் போகும் நிலை வந்தால், சொல்லைக் குறைக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று நான் எடுத்துக்கொள்வேன்.

இனி வரியை நடுவில் நிறுத்தும் வேலைக்கு வருவோம். முதலில் கையால் பதிப்பவர்கள்.

உலோகத்தில் எழுத்து அச்சுகளை வைத்துச் சுத்தியலால் அடித்துப் பெயர் பதிக்கும் பழைய முறை இன்னும் சாகவில்லை. வட அமெரிக்க ஐஸ் ஹாக்கியின் ஸ்டான்லி கோப்பையில் வென்ற அணியினரின் பெயர்களை இன்றும் அப்படித்தான் ஒவ்வோர் எழுத்தாக அடித்துப் பதிக்கிறார்கள். அந்தக் கோப்பையின் கீழ்ப்பகுதி ஐந்து பெரிய வளையத் தகடுகளால் ஆனது. ஒரு வளையத்தில் 13 ஆண்டுகளின் வெற்றியாளர்களுக்கு இடம். எல்லாம் நிறைந்ததும் மேலே உள்ள பழைய வளையத்தைக் கழற்றி ஹாக்கி அருங்காட்சியகத்துக்கு அனுப்பிவிட்டு, அடியில் புது வளையம் ஒன்றைச் சேர்க்கிறார்கள். தகட்டின் அளவு மாறாதபோது எழுத்தைச் சிறிதாக்காமல் சமாளிக்க அவர்கள் கண்ட வழி இது. எனக்கு இது மிகவும் பிடித்த தீர்வு. எழுத்து எழுத்தாக அடிப்பதன் ஆபத்தும் அதே கோப்பையில் இருக்கிறது. 1972இல் வென்ற பாஸ்டன் அணியின் ஊர்ப் பெயரில் 'ஓ' வர வேண்டிய இரண்டு இடத்திலும் 'க்யூ' விழுந்துவிட்டது. 1963இல் வென்ற டொராண்டோ அணியின் பெயரில் 'எஃப்' இருக்க வேண்டிய இடத்தில் 'ஈ' நிற்கிறது.

கையால் அச்சடிப்பவர்கள் ஒரு வரியை நடுவில் நிறுத்த எளிய உத்தி ஒன்று வைத்திருப்பார்கள். எழுத்துகளையும் இடைவெளிகளையும் எண்ணிப் பாதியைக் கண்டுபிடித்து, அந்த நடு எழுத்தைத் தகட்டின் நடுக்கோட்டில் அடித்துவிட்டு, அங்கிருந்து இரு பக்கமும் நகர்வார்கள். ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் சிலவற்றைத் தவிர மற்றவை ஏறக்குறைய ஒரே அகலம் என்பதால் இந்த எண்ணிக்கை அங்கே பலிக்கிறது. தமிழில் பலிக்காது. 'மாணவர்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்து நான்கு, எண்ணிக்கைப்படி நடு என்பது 'ண'வுக்கும் 'வ'வுக்கும் இடையில். ஆனால் அகலத்தைப் பாருங்கள். 'மா' 2.1, 'ண' 2.1, 'வ' 1.4, 'ர்' 0.9. மொத்தம் 6.5, உண்மையான நடு 3.25இல், அதாவது 'ண'வின் வயிற்றுக்குள் இருக்கிறது. எண்ணிக்கையை நம்பினால் 0.95 ப-உயரம் தவறுகிறோம். 2.2 மில்லிமீட்டர் எழுத்தில் அது 2 மில்லிமீட்டருக்கு மேல். அந்தச் சொல் முழுதும் இடப்பக்கம் சாய்ந்து நிற்கும்.

கணினி இந்தத் தவறைச் செய்யாது. அகலத்தைக் கூட்டித்தான் நடுவைக் காணும். ஆனால் அது வேறொரு தவறைச் செய்யும். எழுத்துருவில் ஒவ்வோர் எழுத்துக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒரு பெட்டி உண்டு. எழுத்தின் இரு பக்கமும் சிறு வெற்றிடம் அதில் அடக்கம். மென்பொருள் வரியை நடுப்படுத்தும்போது இந்தப் பெட்டிகளின் நடுவைப் பார்க்கும். தகட்டில் விழப்போகும் கோட்டின் நடுவைப் பார்க்காது. சாதாரணமாக வித்தியாசம் சிறிதுதான். வரியின் கடைசியில் தெரியாமல் ஓர் இடைவெளி தட்டப்பட்டிருந்தால் அப்படியில்லை. வாட்ஸாப்பில் வந்த எழுத்தை அப்படியே எடுத்து ஒட்டும்போது இது அடிக்கடி நடக்கும். நம் முதல் வரியில் ஓர் இடைவெளியின் அகலம் அரை ப-உயரம், அதாவது 1.25 மில்லிமீட்டர். வரி இடப்பக்கமாக அதில் பாதி, 0.6 மில்லிமீட்டர் நகரும். 60 மில்லிமீட்டர் வரிக்கு இரு பக்கமும் 7.5 மில்லிமீட்டர் வெற்றிடம் இருக்க வேண்டும். இப்போது இடப்பக்கம் 6.9, வலப்பக்கம் 8.1.

அரை மில்லிமீட்டர் நகர்ந்தால் யாருக்குத் தெரியும் என்று கேட்கலாம். தாளில் தெரியாது. ஓரம் வெகு தூரத்தில் இருக்கிறது. தகட்டில் விளிம்பு எழுத்துக்கு மிக அருகில், பளபளவென்று நிற்கிறது. கண் ஒரு நீளத்தைத் தனியாக அளப்பதில் கெட்டிக்காரத்தனம் காட்டாது. இரண்டு நீளத்தை ஒப்பிடுவதில் மிகக் கூர்மையானது. 6.9க்கும் 8.1க்கும் இடையிலான வித்தியாசம் ஆறில் ஒரு பங்கு. அதைக் காண யாருக்கும் பயிற்சி வேண்டாம். தகடு ஏதோ கோணலாக இருக்கிறது என்று சொல்வார்கள். எது கோணல் என்று சொல்லத் தெரியாது.

இதற்கு நம்பகமான மருந்து, வரியை எழுத்தாக வைத்துக்கொண்டு நடுப்படுத்தாமல், வடிவமாக மாற்றிய பிறகு நடுப்படுத்துவது. நம் ஊர்க் கடைகளில் பெரும்பாலும் புழங்குவது கோரல் டிரா. அதில் வரியைத் தேர்ந்தெடுத்து `Ctrl+Q` அழுத்தினால் எழுத்து கோடுகளாக மாறிவிடும். கண்ணுக்குத் தெரியாத பெட்டியும் வால் இடைவெளியும் போய்விடும். பக்கத்தின் அளவைத் தகட்டின் அளவாகவே வைத்திருந்தால், எல்லா வரியையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து `C` அழுத்தினால் எல்லாம் ஒரே நடுக்கோட்டில் நிற்கும். பிறகு அவற்றை ஒரு குழுவாக்கி `P` அழுத்தினால் குழு முழுதும் தகட்டின் நடுவுக்கு வரும்.

மேல் கீழ் விஷயத்தில் மட்டும் கணினியின் நடுவைக் கடைசிச் சொல்லாக எடுக்க வேண்டாம். நம் உதாரணத்தில் 'மாவட்டக் கபடிப் போட்டி 2024–25' என்ற வரியில் கீழே தொங்கும் வால் ஏறக்குறைய இல்லை. அதன் அடியில் நாம் ஒதுக்கிய இடம் வெறுமையாகக் கிடக்கும். 'முதல் பரிசு' என்பதில் 'மு'வும் 'சு'வும் கீழே இறங்குகின்றன. அதற்கு அடுத்த வரியிலோ 'ன்', 'ளி', 'ப்', 'ங்' என்று புள்ளியும் விலங்கும் மேலே எழும்புகின்றன. வாலையும் விலங்கையும் விட்டு ப-உயரத்திலிருந்து ப-உயரம் வரை அளந்தால், கணக்குப்படி இரண்டு இடைவெளியும் ஏறக்குறைய 4 மில்லிமீட்டர்தான். ஆனால் மேல் இடைவெளி காலியாகவும் கீழ் இடைவெளி கோடுகளால் நிறைந்தும் இருக்கும். கண்ணுக்கு நடு வரி கீழே சரிந்து கடைசி வரியில் முட்டுவதுபோல் தோன்றும். நடு வரியை அரை மில்லிமீட்டருக்குள் மேலே தூக்கினால் சரியாகிவிடும். எவ்வளவு என்பதைச் சூத்திரம் சொல்லாது; தகட்டின் உண்மை அளவில் அச்செடுத்துக் கை நீட்டிப் பிடித்துப் பார்த்தால் கண் சொல்லும்.

தகட்டில் ஆணித் துளைகளும் உண்டு. சிறிய தகடுகளில் பெரும்பாலும் இடது ஓரத்தின் நடுவில் ஒன்று, வலது ஓரத்தின் நடுவில் ஒன்று இருக்கும். துளை இருக்கும் உயரத்தில் வரும் வரிக்குத்தான் அகலம் குறைவு. நம் அமைப்பில் அந்த உயரத்தில் நிற்பது குறுகிய 'முதல் பரிசு'; இரு பக்கமும் 21 மில்லிமீட்டருக்கு மேல் காலியாக இருக்கிறது. நீளமான வரியை நடுவில் வைத்திருந்தால் துளையைத் தவிர்க்க எல்லா எழுத்தையும் இன்னும் சுருக்க வேண்டி வந்திருக்கும். குறுகிய, முக்கியமான வரி நடுவில், நீளமானவை மேலும் கீழும் என்ற இந்த அமைப்பு பார்க்கவும் நன்றாக இருக்கிறது, ஆணிக்கும் இடம் விடுகிறது.

வெட்டும் கருவிக்கு ஒரு முனை அகலம் உண்டு, அதைவிட நுணுக்கமான எதையும் அதனால் வெட்ட முடியாது. வைர முனையால் கீறும் இயந்திரம் மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு அகலத்தில் கோடு போடும். சுழலும் வெட்டு முனைகள் பெரும்பாலும் கால் மில்லிமீட்டரில்தான் தொடங்கும். லேசர் இவை இரண்டையும்விட நுண்மையானது, ஆனால் எந்த லேசர் என்பது உலோகத்தைப் பொறுத்தது. கரியமில வாயு லேசரின் ஒளி 10.6 மைக்ரோமீட்டர் அலைநீளம் கொண்டது. வெறும் பித்தளை அதைக் கண்ணாடிபோல் திருப்பி அனுப்பிவிடும். அதனால் அந்த இயந்திரத்தில் வண்ணப்பூச்சு பூசிய பித்தளையைக் கொடுத்துப் பூச்சை மட்டும் எரித்து எடுப்பார்கள். ஃபைபர் லேசரின் அலைநீளம் அதில் பத்தில் ஒரு பங்கு. அதை உலோகம் உறிஞ்சும், ஆகவே நேராகப் பித்தளையிலேயே எழுதலாம்.

முனை அகலம் எங்கே கடிக்கும் என்றால், புள்ளியில். பல எழுத்துருக்களில் மெய்யெழுத்தின் புள்ளி நிரம்பிய பொட்டாக இல்லாமல் சிறு வளையமாக இருக்கும். அதன் விட்டம் ப-உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு என்றால் 2.2 மில்லிமீட்டர் எழுத்தில் 0.7 மில்லிமீட்டர். கால் மில்லிமீட்டர் முனை அந்த வளையத்தைச் சுற்றி வந்தால் உள்ளே மிஞ்சுவது 0.2 மில்லிமீட்டர் உலோகம். பித்தளையில் அது நிற்கலாம். இரு வண்ணப் பிளாஸ்டிக் தகட்டில் பெயர்ந்து போகும். ஒரு புள்ளி பெயர்ந்தும் பக்கத்துப் புள்ளி நின்றும் இருக்கிற தகட்டைவிட, தொடக்கத்திலேயே நிரம்பிய பொட்டுப் புள்ளி உள்ள எழுத்துருவைத் தேர்ந்தெடுப்பது மேல். புள்ளி போனால் தமிழில் சொல்லே மாறிவிடும். சுழல் முனையிலும் வைர முனையிலும் இன்னொரு சிக்கல் இருக்கிறது. அவற்றுக்கு ஒற்றைக் கோட்டால் ஆன எழுத்துரு வேண்டும். தமிழில் அது எளிதில் கிடைப்பதில்லை. சாதாரண எழுத்துருவைக் கொடுத்தால் இயந்திரம் ஒவ்வொரு கோட்டின் இரு கரையையும் தனித்தனியே கீறும், எழுத்து கூடுபோல் உள்ளே வெற்றாக வரும். சிறிய தமிழ் எழுத்துக்கு லேசரே நல்லது என்பதற்கு இதுவே போதுமான காரணம்.

எல்லாவற்றையும்விட அதிகமாகத் தகடுகளைக் கெடுப்பது எழுத்துக் குறியீட்டுக் குழப்பம். நம் கைபேசிகள் எழுதுவது யூனிகோட் தமிழ். பல கடைகளின் பழைய கோப்புகள் பாமினி போன்ற எழுத்துருக்களில் இருக்கின்றன. அவை ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருப்பவை. யூனிகோட் வரியைக் கொண்டுபோய் அந்த எழுத்துருவைப் பூட்டினால் வேலை செய்யாது. யூனிகோடிலேயே இன்னொரு கண்ணி இருக்கிறது. 'போ' என்பதைக் கணினி முதலில் `ப`, பிறகு ஓகார அடையாளம் என்று இரண்டு குறியாகவே சேமிக்கிறது. திரையில் காட்டும்போதுதான் அந்த அடையாளத்தை இரண்டாகப் பிரித்து, இரட்டைக் கொம்பை இடப்பக்கமும் காலை வலப்பக்கமும் வைக்கிறது. தமிழ் எழுத்தமைப்பு தெரியாத பழைய மென்பொருள் இதைச் செய்யாது. கொம்பு இடம் மாறி வலப்பக்கம் நிற்கும், அல்லது எழுத்துக்குப் பக்கத்தில் புள்ளிகளால் ஆன ஒரு வட்டம் முளைக்கும். அந்தப் புள்ளி வட்டத்தை எங்கே கண்டாலும் அது பிழையின் அடையாளம் என்று மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இயந்திரம் அதையும் அப்படியே உண்மையாக வெட்டிவிடும்.

சரியாகக் காட்டும் கணினியில் எழுத்தைக் கோடுகளாக மாற்றிவிட்டால், அதற்குப் பிறகு எந்த இயந்திரத்துக்குக் கொண்டுபோனாலும் உருவம் மாறாது. ஆனால் மாற்றிய பின் அது எழுத்தாக இல்லை, வெறும் வடிவம். பிழை திருத்த வேண்டுமென்றால் முதலிலிருந்து தட்டச்ச வேண்டும். ஆகவே பிழை பார்க்கும் வேலை கோடுகளாக மாற்றுவதற்கு முன்பும், இயந்திரத்தில் தகட்டைப் பூட்டுவதற்கு முன்பும் இரண்டு முறை நடக்க வேண்டும். பிழை பார்ப்பவர் வரியைப் படித்தால் போதாது. படிக்கும்போது மனம் சொல்லை நிரப்பிக்கொள்ளும். எழுத்து எழுத்தாக, கடைசியிலிருந்து முதலுக்குப் போய்ப் பார்த்தால் கண் ஏமாறாது.

கேடயம் செய்யக் கொடுக்கப் போகும் பள்ளி ஆசிரியரும் சங்கச் செயலாளரும் கடைக்குப் போகும்முன் ஒரு வேலை செய்யலாம். தகட்டின் அளவைக் கேட்டு வாங்கி, அதே அளவு செவ்வகத்தை ஒரு தாளில் வரைந்து, சொல்ல வேண்டியதை அதற்குள் எழுதிப் பாருங்கள். எந்த வரி நீளமோ அதிலிருந்து ஒரு சொல்லையாவது எடுக்க முடியுமா என்று பாருங்கள். வரிகளை எங்கே உடைப்பது என்பதை நீங்களே முடிவுசெய்யுங்கள். அதைக் கடைக்காரரிடம் விட வேண்டாம். வெட்டுவதற்கு முன் தகட்டின் உண்மை அளவில் ஓர் அச்சு கேளுங்கள். திரையில் பெரிதாக்கிக் காட்டும் படத்தைப் பார்த்துச் சம்மதம் சொல்லாதீர்கள். வெட்டிய பித்தளையில் ஓர் எழுத்தைக்கூட அழித்து எழுத முடியாது. புதுத் தகடுதான் போட வேண்டும்.